மலம் இளக்கமாகப் போயும் மூலம் ஏன் வருகிறது?

"ஐயா, எனக்கு 36 வயது. ரங்கூனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முன்பு தன்லின் பக்கம் கிராமத்தில் இருந்தோம், இப்போது நகரத்தில் ஆறாவது மாடி வீடு. கீரையும் பழமும் தினமும் சாப்பிடுகிறேன், காரம் குறைவு, மலச்சிக்கல் கிடையாது. ஆனாலும் சில மாதங்களாக மலம் போனபின் இரத்தம் சொட்டுகிறது, சின்னச் சதை ஒன்று வெளியே வந்து தானாக உள்ளே போய்விடுகிறது. பரிசோதித்த டாக்டர் உள்மூலம், இரண்டாம் நிலை என்றார். காலையில் போனுடன் 20 நிமிடம் உட்காருகிறேன், அதுதான் காரணம் என்று மனைவி சொல்கிறாள். அதில் உண்மை உண்டா?"

உண்டு. உங்கள் மனைவி சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் போன் மட்டும் தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. அந்த 20 நிமிடத்துக்குள் நீங்கள் எத்தனை முறை மூச்சை அடக்கி முக்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். உணவைச் சரிசெய்துகொண்ட பலர் உட்காரும் முறையைச் சரிசெய்யாமலே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறோம் என்பதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நான் பார்க்கும் நோயாளிகளிடம் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைத்த கட்டி அல்ல என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஆசனவாய்க் குழாயின் உட்சுவரில் நம் எல்லோருக்கும் பிறவியிலேயே மூன்று மெத்தைகள் இருக்கின்றன: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. மெல்லிய இரத்தநாளங்களும், அவற்றைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் நார்த்தசையும் சேர்ந்ததுதான் அந்த மெத்தை. வாயுவும் நீர்த்த மலமும் நம்மை அறியாமல் கசிந்துவிடாதபடி குழாயை இறுக அடைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இருமும்போது அவை சற்று இரத்தம் நிரம்பிப் பருத்து அடைப்பை இறுக்கும், பிறகு வடிந்துவிடும். 1975இல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விளக்கியபடி, இந்த மெத்தைகளைத் தாங்கும் நார்கள் நாளடைவில் நைந்து, மெத்தைகள் கீழ்நோக்கிச் சரிவதே மூலநோய். சரிந்த மெத்தை மலம் கழியும்போது உராய்ந்து இரத்தம் வடிக்கிறது. உங்கள் இரத்தம் அடர்ந்த நிறமின்றிப் பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் அதற்கும் இதுவே காரணம்: அந்த மெத்தைகளுக்குள் தமனியின் இரத்தமும் நேரடியாக வந்து சேர்கிறது. உள்மூலம் வலி அறியாத சவ்வால் மூடப்பட்டிருப்பதால்தான் உங்களுக்கு வலியில்லாமல் இரத்தம் மட்டும் தெரிகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நார்களை நைய வைப்பது எது என்பதுதான். கெட்டியான மலம் அதைச் செய்யும், கர்ப்பம் செய்யும், வயதும் செய்யும். இவை எதுவும் இல்லாத உங்களைப் போன்றவரிடம் எஞ்சி நிற்பவை இரண்டு: தேவைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் நேரமும், மூச்சை அடைத்துக் கொடுக்கும் அழுத்தமும்.

உங்கள் 20 நிமிடத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்ப்போம். எழுந்து தேநீர் குடித்தபின் பெருங்குடல் சுருங்கி மலத்தை மலக்குடலுக்குத் தள்ளுகிறது. வயிற்றுக்குள் ஏதேனும் போனதும் குடல் அசைவது இயற்கையான அனிச்சைச் செயல். அப்போது வரும் உந்துதலோடு நீங்கள் உட்கார்ந்தால், பெரும்பகுதி மலம் முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடுகிறது. உடம்பைப் பொறுத்தவரை வேலை அத்தோடு முடிந்தது. போன் கையில் இல்லாத மனிதருக்கு அந்த முடிவு தெரியும்: உந்துதல் அடங்கியது, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, எழுந்துவிடுவார். போன் கையில் இருப்பவருக்கு அந்த அடங்கல் தெரிவதில்லை. ஒரு காணொளி முடிந்து இன்னொன்று ஓடத் தொடங்கும் இடைவெளியில், வந்த காரியம் நினைவுக்கு வந்து, உந்துதல் இல்லாமலே ஒரு முறை முக்கிப் பார்ப்பார். ஒன்றும் வராது. மறுபடி திரையைப் பார்ப்பார், மறுபடி முக்குவார். கடைசிப் பதினைந்து நிமிடமும் வெறும் குழாயின் மேல் கொடுக்கப்படும் அழுத்தம்தான்.

முக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தீங்கு நின்றுவிடுவதில்லை. நாற்காலியில் உட்காரும்போது பலகையோ மெத்தையோ இடுப்படித் தசையைக் கீழிருந்து தாங்குகிறது. கமோடின் வளையத்திலோ நடுவில் தாங்கல் கிடையாது. தொடைகள் வளையத்தில் அழுந்தியிருக்க, ஆசனவாய்ப் பகுதி மட்டும் வெறும் வெளியில் தொங்குகிறது. அதோடு, கழிப்பதற்காக உட்கார்ந்ததால் அங்குள்ள தசைகளும் தளர்ந்த நிலையில் இருக்கின்றன. மலக்குடலின் மேற்பகுதியிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரைகளில், காலின் சிரைகளில் இருப்பதுபோல இரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் இல்லை. எனவே, தாங்கலின்றித் தொங்கும் மெத்தைகளில் இரத்தம் தேங்குகிறது, அவை வீங்கி நார்களை இழுக்கின்றன. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. தினமும் கால் மணி நேரம், வருடக் கணக்கில் என்றால் அது வேறு விஷயம்.

இதற்கு அண்மையில் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்த, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 125 பேரிடம் கழிப்பறைப் பழக்கங்களைக் கேட்டறிந்து, பரிசோதனையில் மூலம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். முடிவுகள் 2025 செப்டம்பரில் வெளியாயின. மூன்றில் இருவர் கழிப்பறையில் போன் பார்ப்பவர்கள். அவர்களில் 37 சதவீதம் பேர் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். போன் பார்க்காதவர்களில் அவ்வாறு உட்கார்ந்தவர்கள் 7 சதவீதம் மட்டுமே. வயது, உடல் எடை, உடற்பயிற்சி, நார்ச்சத்து ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வின் எல்லையையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சிறியது, ஒரே சமயத்தில் பழக்கத்தையும் நோயையும் பார்த்ததால், போன் முதலில் வந்ததா மூலம் முதலில் வந்ததா என்பதை அது நிரூபிக்காது. முக்குவதாகச் சொன்னவர்களுக்கு மூலம் அதிகம் என்றும் அதில் தெரியவரவில்லை. இதை வைத்து முக்குவதில் தீங்கில்லை என்று நான் முடிவுகட்ட மாட்டேன், ஏனென்றால் முக்குகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர்களில் பலர், என் பரிசோதனை மேசையில் மூச்சை அடக்கித்தான் முக்கிக் காட்டுகிறார்கள்.

அந்த மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நன்றாக மூச்சை இழுத்து, தொண்டையில் குரல்வளையை மூடிக்கொண்டு, வெளியே விடாமல் கீழ்நோக்கி அமுக்குவதுதான் பெரும்பாலானோர் அறிந்த முக்கல். இந்தச் செயலுக்கு, 1666 முதல் 1723 வரை வாழ்ந்த வால்சல்வா என்ற இத்தாலிய உடற்கூற்றியலாளரின் பெயர் மருத்துவத்தில் வழங்குகிறது. மூச்சு அடைபட்டிருக்கும் வரை மார்பிலும் வயிற்றிலும் அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கழுத்துச் சிரைகள் புடைப்பதுபோலவே ஆசனவாயின் மெத்தைகளும் புடைத்துக் கீழே தள்ளப்படுகின்றன. மூச்சை விட்டதும் இரத்த அழுத்தம் ஏறி இறங்குவதால்தான் முதியவர்கள் சிலர் கழிப்பறையிலேயே மயங்கி விழுகிறார்கள். உங்கள் வீட்டில் இதய நோயுள்ள பெரியவர்கள் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொரு விளைவு பலருக்குத் தெரியாது. மலக்குடலும் ஆசனவாய்க் குழாயும் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு தசை முன்நோக்கி இழுத்துப் பிடித்து, குழாயை ஏறத்தாழ செங்கோணமாக வளைத்து வைத்திருக்கிறது. அது தளர்ந்தால்தான் வழி நேராகும். மூச்சை அடைத்து வலுவாக முக்கும்போது சிலருக்கு அந்தத் தசை தளர்வதற்குப் பதிலாக இறுகிவிடுகிறது. பரிசோதனையில் இது விரலுக்கே தெரியும்: "மலம் கழிப்பதுபோல முக்குங்கள்" என்று சொன்னதும், விரலைச் சுற்றி நெகிழ வேண்டிய தசை விரலைக் கவ்விப் பிடிக்கும். அவர் மேலிருந்து தள்ளுகிறார், கீழே வழியை அவரே மூடுகிறார். நடுவில் அகப்பட்ட மெத்தைகள் நசுங்குகின்றன. மலம் இளகியிருந்தும் முக்க வேண்டியிருப்பவர்களில் ஒரு பகுதியினர் இப்படிப்பட்டவர்களே. இவர்களுக்கு இசப்கோல் மட்டும் போதாது, தசையைத் தளர்த்தும் பயிற்சி வேண்டும்.

நீங்கள் மூச்சை அடக்குகிறீர்களா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நாளை காலை முக்கும்போது, முக்கி முடிக்கும் அந்த நொடியில் தொண்டையைக் கவனியுங்கள். 'ஹக்' என்ற ஒலியோடு மூச்சு வெடித்து வெளிவந்தால், அதுவரை குரல்வளை மூடியிருந்தது என்று பொருள். முக்கும்போது ஒரு சொல்லைச் சொல்ல முயன்று, குரல் எழாவிட்டாலும் அதே பொருள்தான். பற்களைக் கடிப்பது, கால் விரல்களைச் சுருட்டுவது, காதுக்குள் அடைப்பது ஆகியவையும் அதன் கூடவே வரும் அடையாளங்கள்.

இனி, உங்களை அவ்வளவு நேரம் உட்கார வைப்பது போன் மட்டும்தானா என்று பாருங்கள். "இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது" என்ற உணர்வு உங்களுக்கு உண்டா? இரண்டாம் நிலை மூலத்தில் இது மிகவும் பொதுவானது. மெத்தை சரிந்து குழாய்க்குள் நிற்கும்போது, மலம் நிற்பதுபோன்ற அதே உணர்வைத்தான் அது தருகிறது. அதை மலம் என்று நினைத்து முக்கினால் மெத்தை இன்னும் கீழே வரும், உணர்வு இன்னும் கூடும், மேலும் முக்கத் தோன்றும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர் நாளுக்கு மூன்று நான்கு முறை கழிப்பறைக்குப் போய், வெறும் சளியும் இரத்தமுமாகப் பார்த்துப் பயந்து வருவார். ஆகவே, முதல் வேலை முடிந்தபின் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றினாலும் எழுந்துவிட வேண்டும் என்பதை நான் வற்புறுத்துகிறேன். உண்மையில் மலம் மிச்சமிருந்தால் அடுத்த உந்துதலில் அது தானாக வரும். அது மெத்தையாக இருந்தால் எழுந்து நடந்தபின் உணர்வு குறைந்துவிடும். எழுந்து நடந்து பார்த்தாலே எது என்பது புரிந்துவிடும்.

கிராமத்திலிருந்து மாடி வீட்டுக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே குத்தவைத்து உட்காரும் கழிப்பறையும் இங்கே கமோடும் என்று எடுத்துக்கொள்கிறேன். குத்தவைக்கும்போது முழங்கால் மார்பை நெருங்கி, நான் மேலே சொன்ன வளைவு பெரிதும் நேராகிறது. இஸ்ரேலில் 28 பேரை வைத்து 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், குத்தவைத்து மலம் கழிக்கச் சராசரியாக 51 நொடியும், வழக்கமான உயரத்துக் கமோடில் 130 நொடியும் ஆயின. முக்க வேண்டிய சிரமமும் குத்தவைத்தபோது குறைவு. அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று: குத்தவைத்தவருக்குச் சில நிமிடத்தில் கால் மரத்துப்போகும், எழுந்துதான் ஆக வேண்டும். கமோடில் அந்த எச்சரிக்கை இல்லை. இதனால் குத்தவைப்பவர்களுக்கு மூலமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். இந்நாட்டின் கிராமங்களிலும் மூலம் இருக்கிறது. அங்கும் கெட்டி மலத்தோடு மூச்சடக்கி முக்குபவர்கள் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது. தேநீர்க் கடைகளில் போட்டிருக்கும் தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியில் ஒன்றை வாங்கி, கமோடுக்கு முன்னால் வையுங்கள். உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 18 முதல் 20 சென்டிமீட்டர் இருந்தால் போதும். இரண்டு பாதங்களையும் அதன்மேல் முழுதாக ஊன்றினால் முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கும். முதுகை வளைக்காமல் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் வையுங்கள். தாடையைத் தளர்த்தி, வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது அடிவயிறு முன்னால் உப்பட்டும். அந்த உப்பலை விட்டுவிடாமல், சூடான தேநீரை ஆற்றுவதுபோல வாயால் மெதுவாக ஊதிக்கொண்டே கீழ்நோக்கி இலேசாகத் தள்ளுங்கள். காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும் வரை குரல்வளை மூட முடியாது. ஆகவே அழுத்தம் தேவைக்கு மேல் ஏறாது. ஓர் ஊதலுக்குப் பிறகு இரண்டு மூன்று சாதாரண மூச்சு விட்டு ஓய்வெடுத்து, உந்துதல் இருந்தால் மட்டும் மறுபடி செய்யுங்கள். முதல் வாரம் இது சரியாக வராது, உப்ப வேண்டிய வயிறு உள்ளே போய்விடும். அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டால் உப்புகிறதா என்பது தெரியும்.

ஐந்து நிமிடத்தைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். உந்துதலோடு உட்கார்ந்தவருக்கு மூன்று நிமிடமே பெரும்பாலும் போதும். உந்துதல் வருமுன், "கடைக்குப் போக நேரமாகிறது, இப்போதே போய்விட்டு வந்துவிடலாம்" என்று உட்காராதீர்கள். அதேபோல, கடையில் ஆள் கூட்டம் என்று உந்துதலை அடக்கியும் வைக்காதீர்கள். அடக்கிய மலம் குடலிலேயே தங்கி நீரை இழந்து கெட்டியாகிவிடும், மறுநாள் முக்க வேண்டி வரும்.

போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால், ரங்கூனில் பலர் எனக்குச் சொல்லும் பதில் மின்வெட்டு. விளக்கில்லாத கழிப்பறைக்குப் போன்தான் வெளிச்சம். வெளிச்சத்துக்காக எடுத்துப் போனது கைக்கு வந்ததும் திரைக்கு மாறிவிடுகிறது. இது நியாயமான காரணம்தான், அதனால் இதற்கு வழி செய்ய வேண்டும்: சார்ஜ் ஏற்றும் சிறிய விளக்கு ஒன்றைக் கழிப்பறைச் சுவரில் மாட்டிவிடுங்கள். போனுக்குப் பதில் செய்தித்தாளை எடுத்துப் போகவும் கூடாது. உட்கார வைப்பது எதுவானாலும் மெத்தைகளுக்கு ஒன்றுதான்.

நார்ச்சத்தை நிறுத்திவிடாதீர்கள். நார்ச்சத்து கூட்டினால் மூலத்தின் இரத்தக் கசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த செய்தி. கீரையும் பழமும் சாப்பிட்டும் மலம் துண்டு துண்டாகப் போனால், இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோலை முழு டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மார்ச் முதல் மே வரை இங்கு அடிக்கும் வெயிலில் வியர்வையிலேயே தண்ணீர் போய்விடுவதால், அந்த மாதங்களில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு இசப்கோலை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். மருந்துக்கடையில் கிடைக்கும் மூலக் களிம்புகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்புக்கு ஒரு வாரம் தடவலாம், மாதக்கணக்கில் தடவினால் அங்குள்ள தோல் மெலிந்துபோகும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் சில வாரங்களில், பொதுவாக ஆறு வாரத்துக்குள், இரத்தம் சொட்டுவது நின்றுவிடவோ வெகுவாகக் குறையவோ வேண்டும். சதை வெளியே வருவது அவ்வளவு எளிதில் மாறாது, ஏனென்றால் நைந்துபோன நார் பழக்கத்தை மாற்றியதால் மறுபடி முழுதாக இறுகிவிடுவதில்லை. இரத்தம் நிற்காவிட்டாலோ, விரலால் உள்ளே தள்ள வேண்டிய மூன்றாம் நிலைக்கு அது போனாலோ, மெத்தையின் அடிப்பகுதியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது போன்ற எளிய சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் மயக்க மருந்தின்றி வெளிநோயாளியாகவே செய்துகொள்ளலாம். வளையம் போட்டுக்கொண்டு பழையபடி 20 நிமிடம் உட்கார்ந்தால், மூலம் மறுபடியும் தலைகாட்டலாம்.

இரத்தம் என்றாலே மூலம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கத்தியால் கீறுவதுபோன்ற கடும் வலியோடு இரத்தம் வந்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். ஆசனவாய் ஓரத்தில் திடீரென்று நீலம் பாரித்த, தொட முடியாத கட்டி தோன்றினால் அது இரத்தம் உறைந்த வெளிமூலம். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால் வெட்டி எடுத்து வலியைத் தீர்க்க முடியும். இரத்தம் மலத்தோடு கலந்தே வந்தாலும், கறுத்து வந்தாலும், எடை குறைந்தாலும், மலம் போகும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலும், இரத்தசோகை தெரிந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தாலும், பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 45 வயது கடந்தவருக்கு முதன்முறையாக இரத்தம் வந்தால், பார்த்த அளவில் மூலம் தெரிந்தாலும் நான் அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்களுக்கு 36 வயது, மூலம் நேரில் பார்த்து உறுதியாகியிருக்கிறது. ஆகவே ஆறு வாரம் இந்த முறையைக் கடைப்பிடித்துவிட்டு, எத்தனை நாள் இரத்தம் வந்தது என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, உங்களைப் பரிசோதித்த அதே டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.